‘அர்ஜென்ட்’ என்று எழுதினால் போதுமா?

“ப்ரோ, ஒரு டேட்டாபேஸ் வேணும். கொஞ்சம் அர்ஜென்ட்.”

நூறு டெவலப்பர்கள் வேலை பார்க்கும் எந்த மென்பொருள் நிறுவனத்திலும் திங்கட்கிழமை காலையில் இப்படி ஒரு செய்தி யாராவது ஒருவருக்கு வந்துவிடும். அனுப்பியவர் பணம் செலுத்தும் வசதியையோ பொருள் தேடும் வசதியையோ உருவாக்கும் டீமில் இருப்பார். பெற்றவர் பிளாட்ஃபார்ம் டீமில் இருப்பார். வாடிக்கையாளர் கண்ணில் படும் எதையும் பிளாட்ஃபார்ம் டீம் செய்வதில்லை. மற்ற டீம்கள் தங்கள் மென்பொருளை ஓடவிடத் தேவையான சர்வர், தரவுத்தளம், அனுமதிகள், கண்காணிப்பு ஆகியவற்றை அமைத்துத் தருவதே அதன் வேலை. மாத்யூ ஸ்கெல்டனும் மானுவல் பாய்ஸும் 2019-இல் எழுதிய ‘டீம் டோபாலஜீஸ்’ என்ற நூல் இந்தப் பெயரைப் பரவலாக்கியது. சக ஊழியர்களே இந்த டீமின் வாடிக்கையாளர்கள்.

செய்தியைப் பார்த்தவர் திருப்பிக் கேட்கிறார்: “எந்த டேட்டாபேஸ்? போஸ்ட்கிரெஸா, மைஎஸ்க்யூஎல்லா?” எதிர்முனையில் இருப்பவர் மீட்டிங்கில் இருக்கிறார். மதியத்துக்கு மேல் “போஸ்ட்கிரெஸ்” என்று பதில் வருகிறது. “டெஸ்ட்டுக்கா, புரொடக்‌ஷனுக்கா?” என்ற அடுத்த கேள்விக்கு மறுநாள் காலை பதில். “எவ்வளவு டேட்டா வரும்?” என்றால், “கேட்டுச் சொல்றேன் ப்ரோ.” இப்படியே வியாழக்கிழமை ஆகிவிடுகிறது. விவரமெல்லாம் கைக்கு வந்த பிறகு வேலை முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டவருக்கோ, பிளாட்ஃபார்ம் டீம் ஒரு சின்ன வேலைக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டது என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது.

இதே நான்கு நாளில் வேறொரு டீமிலிருந்து வந்த இரண்டு கோரிக்கைகள் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தன. அவற்றை அனுப்பியவர் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பிளாட்ஃபார்ம் டீமில் யாரையும் அவருக்குத் தெரியாது. ‘ப்ரோ’ என்று தனியாகச் செய்தி அனுப்ப ஆளில்லாததால், பொதுச் சேனலில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

இந்த இரண்டு கோளாறுகளுக்கும் பல நிறுவனங்கள் கண்டிருக்கும் மருந்து பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. கோரிக்கை உள்ளே நுழையும் இடத்தில் ஒரு படிவம், அதற்குப் பின்னால் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வரிசை. ஆனால் படிவத்தை மோசமாக எழுதினால் அது இன்னொரு அரசு அலுவலக விண்ணப்பமாக மாறிவிடும். வரிசையை யோசிக்காமல் அமைத்தால் சத்தம் போடுகிறவருக்கே அது சாதகமாகும்.

பதில் எதை மாற்றும்?

படிவம் எழுத உட்காரும் டீம் வழக்கமாகச் செய்வது, தெரிந்துகொண்டால் நல்லது என்று தோன்றுவதையெல்லாம் பட்டியலிடுவது. இருபத்தைந்து கட்டங்கள் சேர்ந்துவிடும். நிரப்புகிறவர் மூன்றாவது கட்டத்திலேயே பொறுமை இழந்து, மீதியில் புள்ளி வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்.

படிவ வடிவமைப்பில் பல்லாண்டு அனுபவமுள்ள பிரிட்டனின் கரோலின் ஜாரட் இதற்கு ஒரு வழிமுறை சொன்னார். பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகளை வடிவமைப்பவர்களுக்கும் இன்று அது பரிந்துரைக்கப்படுகிறது. படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இந்தப் பதிலை யார் பயன்படுத்தப் போகிறார்கள், எதற்காக, பதில் கட்டாயம் வேண்டுமா, தவறான பதில் வந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். எழுத முடியாத கேள்வி படிவத்தில் இருக்கக் கூடாது. பிளாட்ஃபார்ம் டீமுக்கு இதை இன்னும் சுருக்கலாம். பதில் மாறினால் நாம் செய்யும் வேலை மாறுமா என்று பார்த்தால் போதும்.

புதிய தரவுத்தளம் கேட்பதையே எடுத்துக்கொள்வோம். அமேசானின் ‘ஆர்டிஎஸ்’ சேவையில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அமைக்க வேண்டும். என்னென்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: இதில் தனிநபர் விவரங்கள் சேமிக்கப்படுமா? பெயர், கைப்பேசி எண், முகவரி, வங்கிக் கணக்கு போன்றவை. இதைத் தொடக்கத்திலேயே கேட்பதற்குத் திட்டவட்டமான தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஆர்டிஎஸ்-இல் சேமிப்பகத்தை மறையாக்கம் செய்யும் வசதியைத் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் பின்னால் அதை ஒரு பொத்தானை அழுத்திச் சேர்த்துவிட முடியாது. அதன் நகல் எடுத்து, அந்த நகலை மறையாக்கத்தோடு பிரதியெடுத்து, அதிலிருந்து புதிய தரவுத்தளத்தை எழுப்பி, மென்பொருளை அதற்குத் திருப்பிவிட வேண்டும். தொடக்கத்தில் ஒரு டிக் போட்டு முடிந்திருக்க வேண்டியது, ஒரு சேவையை இரவில் நிறுத்திச் செய்யும் வேலையாகிவிடும். இந்தியாவில் 2023-இல் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நிலையில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவும் இயலாது.

இரண்டாவது கேள்வி: உங்கள் மென்பொருள் எத்தனை பிரதிகளாக ஓடும், ஒவ்வொன்றும் எத்தனை இணைப்புகளைத் திறக்கும்? போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள்தான் அனுமதி. கிளவுட் சேவைகளில் இயந்திரத்தின் நினைவகத்தைப் பொறுத்து இந்த எண் கூடும். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ‘ஹிகாரி’ என்ற இணைப்பு மேலாண்மை நூலகம் எதுவும் மாற்றாவிட்டால் ஒவ்வொரு பிரதிக்கும் அதிகபட்சம் 10 இணைப்புகளைத் திறக்கும். 12 பிரதிகள் ஓடினால் 120. டெஸ்ட்டில் ஒன்றிரண்டு பிரதிகளோடு எல்லாம் சரியாக ஓடும். புரொடக்‌ஷனில் கூட்டம் வந்து பிரதிகள் பெருகும் நேரத்தில்தான் திரையில் இது வந்து நிற்கும்:

```
FATAL: sorry, too many clients already
```

படிவத்தில் இரண்டு எண்கள் இருந்திருந்தால் பெருக்கிப் பார்த்தே இதைத் தவிர்த்திருக்கலாம்.

மூன்றாவது கேள்வி: தவறுதலாக ஏதாவது அழிந்துபோனால் எத்தனை நாள் முன்பு இருந்த நிலைவரை திரும்பிப் போக வேண்டியிருக்கும்? ஆர்டிஎஸ்-இன் தானியங்கி பேக்கப் அதிகபட்சம் 35 நாள் வரைதான் வைத்திருக்கும். ஏழு நாள் போதும் என்பவருக்கும் முப்பது நாள் வேண்டும் என்பவருக்கும் ஓர் எண்ணை மாற்றினால் போதும். கணக்குத் தணிக்கைக்காக ஓர் ஆண்டு வேண்டும் என்பவருக்கு வேறு ஏற்பாடே தேவை. 35 என்ற எல்லைக்கோடு வேலையை இரண்டாகப் பிரிப்பதால் இந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம் உண்டு.

நான்காவது கேள்வி: இது ஒரு மணி நேரம் நின்றுபோனால் யாருக்கு என்ன ஆகும்? “ஹை அவெய்லபிலிட்டி வேண்டுமா?” என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் வேண்டும் என்றே சொல்வார்கள். அதற்கு இன்னொரு இயந்திரம் எப்போதும் தயாராக நிற்க வேண்டும், செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது கேள்வியில் தெரிவதில்லை. நின்றால் என்ன ஆகும் என்று கேட்டால் “வாடிக்கையாளர் பணம் கட்ட முடியாது” என்றோ “மாலை ரிப்போர்ட் ஒரு மணி நேரம் தாமதமாகும்” என்றோ பதில் வரும். இரண்டாமவருக்கு அந்த இரண்டாவது இயந்திரம் வேண்டாம் என்பதைப் பிளாட்ஃபார்ம் டீமே முடிவு செய்துகொள்ளலாம்.

ஐந்தாவதாக, தேதி. இங்கும் “எவ்வளவு அவசரம்?” என்று கேட்பதில் பயனில்லை. எந்தத் தேதிக்குள் வேண்டும், அந்தத் தேதியில் என்ன நடக்கவிருக்கிறது என்று இரண்டாகக் கேட்க வேண்டும். “15-ஆம் தேதி வங்கியுடன் சோதனை ஓட்டம்” என்பதும் “15-ஆம் தேதி எங்கள் ஸ்பிரின்ட் முடிகிறது” என்பதும் ஒரே தேதிதான். தவறவிட்டால் வரும் விளைவு வேறு.

கடைசியாக ஒரு திறந்த கேள்வி: இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? நான்கு வரி எழுதக் கட்டம் போதும். புதிய தரவுத்தளம் கேட்டவர், உண்மையில் பழையதில் ஒரு ரிப்போர்ட் ஓடும்போது எல்லாமே மெதுவாகிறது என்பதற்காகக் கேட்டிருக்கலாம். படிக்க மட்டுமான ஒரு பிரதியைச் சேர்த்தால் அவர் சிக்கல் தீர்ந்துவிடும். கேட்ட பொருளை மட்டும் பார்த்துக் கொடுத்திருந்தால், யாரும் கவனிக்காத இன்னொரு தரவுத்தளம் மாதா மாதம் பில்லில் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆறே கேள்விகள். இவற்றில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். கேட்பவர் பெயர், டீம், மேலாளர், செலவுக் கணக்கு எண் ஆகியவை லாகின் செய்யும்போதே கணினிக்குத் தெரியும். அவற்றை மறுபடி எழுதச் சொல்வது நிரப்புகிறவரின் நேரத்தைத் திருடுவது. இயந்திரத்தின் வகை, வட்டின் வேகம் போன்றவை கேட்பவருக்குத் தெரிய வேண்டியவை அல்ல. அதைத் தீர்மானிக்கத்தானே ஒரு பிளாட்ஃபார்ம் டீமை நிறுவனம் வைத்திருக்கிறது?

‘தெரியவில்லை’ என்பதும் பதில்தான்

கட்டாயக் கேள்விகளில் ஒரு ஆபத்து உண்டு. பதில் தெரியாதவரைப் படிவம் மேலே போக விடாவிட்டால், அவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார். பட்டியலில் முதலில் இருப்பதைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார். தனிநபர் விவரம் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பது முதலில் இருந்து, தெரியாத ஒருவர் அதைச் சொடுக்கினால், மறையாக்கம் இல்லாத தரவுத்தளம் பிறந்துவிடுகிறது. வெற்றுக் கட்டம் குறைந்தபட்சம் சந்தேகத்தையாவது எழுப்பியிருக்கும். பொய்ப் பதில் அதையும் எழுப்பாது.

எனவே ஒவ்வொரு தேர்வுப் பட்டியலிலும் ‘உறுதியாகத் தெரியவில்லை, பேசி முடிவு செய்யலாம்’ என்ற வரி வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்தவரோடு பிளாட்ஃபார்ம் டீமில் ஒருவர் பத்து நிமிடம் பேசிவிட்டால் விவரம் தெளிவாகிவிடும். வேலைக்குப் புதிதாக வந்தவர் தயங்காமல் கேட்பதற்கும் அது வழி.

படிவம் சரியாக வேலை செய்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. முடிந்த டிக்கெட்டுகளில் ஒரு முப்பதை எடுத்துக் கீழே நடந்த உரையாடலைப் படித்தால் போதும். படிவம் வந்த பிறகும் பிளாட்ஃபார்ம் டீம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கும் கேள்வி எது? அது படிவத்தில் சேர வேண்டும். எந்தப் பதிலை யாரும் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை? அதை நீக்க வேண்டும். ஒரே கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத் தந்திருந்தால் ஒன்று அந்தக் கேள்வி தேவையில்லை, அல்லது அது புரியவில்லை.

தரவுத்தளத்துக்கான கேள்விகள் அனுமதி கேட்பவருக்குப் பொருந்தாது. எனவே கோரிக்கையின் வகைக்கு ஒன்றாக ஐந்தாறு சிறிய படிவங்கள் வைத்துக்கொள்வது நல்லது. ஜிரா, கிட்ஹப் போன்ற கருவிகளில் இதற்கான வசதி இருக்கிறது. எதிலும் அடங்காதவற்றுக்கு ‘வேறு’ என்று ஒரு திறந்த படிவம். ‘வேறு’ பெட்டியில் ஒரே மாதிரியான கோரிக்கை அடிக்கடி வந்து விழுந்தால் அதற்குத் தனிப் படிவம் எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு படிவத்தின் பதில்களை வைத்து யாரும் யோசிக்காமலேயே வேலையைச் செய்துமுடிக்க முடிகிறதென்றால் அங்கே மனிதர் நிற்கத் தேவையில்லை. படிவத்தை நிரப்பியதும் வேலை தானாக நடக்கும்படி செய்துவிடலாம். ஸ்பாட்டிஃபை நிறுவனம் தன் டெவலப்பர்களுக்காக உருவாக்கி, 2020-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ‘பேக்ஸ்டேஜ்’ மென்பொருளில் இதற்கான வார்ப்புருக்கள் உண்டு.

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது நியாயமா?

விவரங்களோடு கோரிக்கைகள் வந்துவிட்டன. இனி எதை முதலில் எடுப்பது?

வந்த வரிசைப்படி என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று டீம்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பேமென்ட்ஸ் டீம் ஒரே மூச்சில் 12 கோரிக்கைகளைப் போடுகிறது. பத்து மணிக்குத் தேடல் டீமிலிருந்து ஒன்று. பதினொரு மணிக்கு ரிப்போர்ட் டீமிலிருந்து இரண்டு. பிளாட்ஃபார்ம் டீம் மதியம் வேலையைத் தொடங்கி நாளுக்கு மூன்று வீதம் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே அளவு வேலை.

வந்த வரிசைப்படி போனால் பேமென்ட்ஸ் டீமின் 12 வேலைகள் திங்கள் முதல் வியாழன் வரை நடக்கும். தேடல் டீமின் ஒற்றைக் கோரிக்கைக்கு வெள்ளிக்கிழமைதான் முறை வரும். ஒரு மணி நேரம் பின்தங்கியதற்கு அவர்கள் கொடுத்த விலை நான்கு நாள். அடுத்த வாரம் அவர்கள் என்ன செய்வார்கள்? தேவையோ இல்லையோ, திங்கள் காலை எட்டு மணிக்கே பத்து கோரிக்கைகளைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அதைப் பார்த்து மூன்றாவது டீமும் அப்படியே செய்யும்.

இந்தச் சிக்கலை வேறொரு துறை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. இணையம் இளமையாக இருந்த 1985 டிசம்பரில் ஜான் நேகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ‘ஆர்எஃப்சி 970’ என்ற குறிப்பை வெளியிட்டார். வலையமைப்பின் சந்திப்புக் கருவியில் பல கணினிகளிலிருந்து தகவல் பொட்டலங்கள் வந்து குவிகின்றன. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வந்தபடி அனுப்பினால், அதிகமாக அனுப்புகிற கணினிக்கே அதிகப் பங்கு கிடைக்கிறது. அடக்கமாக அனுப்புகிறவர் தண்டிக்கப்படுகிறார். நேகல் சொன்ன மாற்று எளிமையானது. ஒவ்வொரு கணினிக்கும் தனி வரிசை வைத்து, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறைவைத்து ஒன்றொன்றாக எடுங்கள். அப்போது ஆயிரம் பொட்டலங்களைக் கொட்டுகிற கணினி தன் வரிசையை மட்டுமே நீளமாக்கிக்கொள்ளும்.

அதே முறையை நமது மூன்று டீம்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். திங்கள்: மூன்று டீம்களிலிருந்தும் ஒவ்வொன்று. தேடல் டீமின் வேலை முடிந்தது. செவ்வாய்: பேமென்ட்ஸிலிருந்து ஒன்று, ரிப்போர்ட்டிலிருந்து ஒன்று, மறுபடி பேமென்ட்ஸிலிருந்து ஒன்று. ரிப்போர்ட் டீமும் முடிந்தது. புதன் முதல் வெள்ளி வரை பேமென்ட்ஸின் மீதி ஒன்பது. தேடல் டீமுக்கு வெள்ளி என்பது திங்களாகிறது. ரிப்போர்ட் டீமுக்கு வெள்ளி என்பது செவ்வாயாகிறது. பேமென்ட்ஸ் டீமின் கடைசி வேலை வியாழனிலிருந்து வெள்ளிக்குப் போகிறது. ஒரு டீமுக்கு ஒரு நாள் கூடியதில் இரண்டு டீம்கள் வாரத்தை மீட்டெடுத்திருக்கின்றன. மொத்த உழைப்பு மாறவே இல்லை.

இதில் இன்னொரு பலன் இருக்கிறது. பேமென்ட்ஸ் டீமின் 12 கோரிக்கைகளில் எது முதலில் என்பதை இனி அந்த டீமே முடிவு செய்துகொள்ளலாம். தங்கள் வரிசைக்குள் எதை மேலே தூக்கினாலும் அடுத்தவருக்கு இழப்பில்லை. தங்களுக்கு எது முக்கியம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதைத் தீர்மானிக்கும் சண்டையில் பிளாட்ஃபார்ம் டீம் நடுவராக நிற்க வேண்டியதில்லை.

நேகல் முறையிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஆளுக்கொன்று என்று எடுக்கும்போது பெரிய பொட்டலம் அனுப்புகிறவர் அதிகம் பெறுகிறார். 1989-இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேஷவ், ஸ்காட் ஷெங்கர் ஆகிய மூவரும் பொட்டலத்தின் அளவையும் கணக்கில் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். அலுவலகத்திலும் அப்படியே. அரை நாள் வேலையும் மூன்று வார இடமாற்ற வேலையும் ஒரு முறைக்குச் சமமாக முடியாது. ஒரு நாளுக்குள் முடிவதை ஒரு முறையாகக் கணக்கிட்டு, பெரியதைத் துண்டுகளாக உடைத்துப் பல முறைகளில் செய்யலாம். உடைக்க முடியாததை வரிசையிலிருந்து எடுத்து, காலாண்டுத் திட்டத்தில் பேசி இடம் ஒதுக்கலாம்.

அவசரத்துக்கு ஒரு தனி வாசல்

உண்மையான அவசரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. புரொடக்‌ஷன் நின்றுபோனால் யாரும் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு ஆன்-காலில் இருப்பவரை அழைக்கும் எண் இருக்கிறது. அதற்கடுத்த நிலைக்கு ஒரு துரித வரிசை வேண்டும். ஆனால் அதன் வரையறையைப் படிவத்திலேயே எழுதிவைக்க வேண்டும்: வாடிக்கையாளருக்கு இப்போதே பாதிப்பு, பாதுகாப்பு ஓட்டை, சட்டமோ ஒப்பந்தமோ விதித்த தேதி. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் பொது வரிசைதான்.

‘முன்னுரிமை: உயர், நடு, தாழ்’ என்று கேட்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டம் சில வாரங்களில் செத்துப்போகும். ‘நடு’ என்று நேர்மையாகப் போட்டவர் பின்தங்குவதைப் பார்த்ததும் எல்லோரும் ‘உயர்’ என்றே போடத் தொடங்குவார்கள். அதனால்தான் தேதியும் விளைவும் கேட்கப்படுகின்றன. முன்னுரிமையை அவற்றிலிருந்து பிளாட்ஃபார்ம் டீம் கணித்துக்கொள்ளும். துரித வரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடும் உதவும். இல்லாவிட்டால் துரித வரிசையே முழு வரிசையாகி, சாதாரணக் கோரிக்கைகள் முறையே வராமல் கிடக்கும்.

எத்தனை நாள் ஆகும்?

காத்திருப்பவரை அதிகம் வதைப்பது, தன் முறை எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பின்னாளில் எம்ஐடி பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, சராசரியாக வரிசையில் இருக்கும் எண்ணிக்கையைச் சராசரியாக ஒரு வாரத்தில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். வரிசையில் 60 இருந்து, வாரம் 30 முடிந்தால் இரண்டு வாரம். வரவும் முடிவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்வரை இந்தக் கணக்கு பொய்க்காது. இந்த எண்ணைப் படிவத்தின் தலையிலேயே போட்டுவிட்டால், ‘எப்போ முடியும் ப்ரோ?’ என்று கேட்டு வரும் செய்திகள் பெருமளவு குறையும்.

ஆனால் அந்த 60-இல் 20 பேரிடமிருந்து விவரம் இன்னும் வரவேண்டியிருந்தால் கணக்கே தடம் மாறுகிறது. நீளம் பிளாட்ஃபார்ம் டீமின் மந்தத்தைக் காட்டுகிறதா, கேட்டவரின் மௌனத்தைக் காட்டுகிறதா என்று தெரியாது. அவற்றை ‘விவரத்துக்காகக் காத்திருக்கிறது’ என்ற தனிப் பட்டியலுக்கு நகர்த்த வேண்டும். இரண்டு வேலை நாளுக்குள் பதில் வந்தால் பழைய இடம் அப்படியே இருக்கும், அதற்கு மேல் தாமதமானால் கடைசியில் சேரும் என்று ஒரு விதி வைத்தால் இரு தரப்புக்கும் நியாயம். நல்ல படிவம் இந்தத் தனிப் பட்டியலைச் சிறிதாக்குகிறது. படிவமும் வரிசையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது இங்கேதான்.

இவற்றால் முடியாத ஒன்றும் உண்டு. ஆள் போதாத இடத்தில் படிவம் ஆளை உருவாக்காது. ஒரே ஆள் வேலை பார்க்க, கோரிக்கைகள் எதிர்பாராத நேரங்களில் வரும் மிக எளிய கணித மாதிரியில், அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் ஒரு கோரிக்கை காத்திருக்கும் நேரம் சராசரியாக வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 விழுக்காடு என்றால் 9 மடங்கு, 95 என்றால் 19 மடங்கு. முழுக்க நிரம்பிய டீமில் எவ்வளவு நியாயமாக வரிசை அமைத்தாலும் எல்லோரும் நியாயமாக நீண்ட காலம் காத்திருப்பார்கள். கூகுள் 2016-இல் வெளியிட்ட தன் சர்வர் பராமரிப்பு நூலில், இத்தகைய அன்றாட வேலைகள் ஒரு பொறியாளரின் நேரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதைச் சொல்கிறது. மீதி நேரத்தில்தான் அந்த வேலைகளைத் தானியங்கியாக்க முடியும்.

பின்வாசலை மூடுவது

எவ்வளவு நல்ல படிவத்தையும் ஒரே மாதத்தில் கொன்றுவிடக் கூடியது தனிச்செய்தி. படிவம் நிரப்பியவர் பத்து நாள் காத்திருக்க, தெரிந்தவருக்கு ஸ்லாக்கில் செய்தி அனுப்பியவருக்கு மாலையே வேலை முடிந்தால், படிவம் ஏமாளிகளுக்கானது என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள். மேலாளர்களும் மூத்த பொறியாளர்களும்தான் இந்த வாசலை அதிகம் தட்டுவார்கள் என்பதால் மூடுவதும் கடினம்.

திட்டுவதால் இது மாறாது. நடைமுறையில் பலன் தருவது, வாரம் ஒருவரை வரவுப் பொறுப்பில் வைப்பது. யாருக்குத் தனிச்செய்தி வந்தாலும், “இந்த வாரம் இவர் பார்க்கிறார், அவரிடம் சேர்க்கிறேன்” என்று திருப்பிவிடுவார்கள். பொறுப்பில் இருப்பவர் வந்த செய்தியை வைத்துத் தானே படிவத்தை நிரப்பி, மீதிக் கேள்விகளோடு இணைப்பை அனுப்புவார். கேட்டவருக்கு அவமரியாதை இல்லை. கோரிக்கையும் மற்றவற்றைப் போலவே அதன் டீமின் வரிசையில் நிற்கும். வரிசை யாருடைய கண்ணுக்கும் தெரியும்படி இருந்தால், நடுவில் யாராவது புகுந்தாலும் அதற்கான காரணத்தை எழுதியாக வேண்டும். முக்கியக் காரணங்களுக்காக வரிசை மாறுவதில் தவறில்லை. மாறியது யாருக்கும் தெரியாமல் போவதுதான் தவறு.

ஆலோசனை கேட்க வருகிறவர்களைப் படிவத்துக்குத் துரத்தவும் கூடாது. ‘இப்படிச் செய்யலாமா?’ என்ற கேள்விக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் திறந்த நேரமாக வைத்தால் போதும். அங்கே பேசித் தெளிந்து வரும் கோரிக்கைகள் முழு விவரத்தோடு வரும்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படியொரு டீம் இருந்து, புதிதாகத் தொடங்க நினைத்தால் எல்லா வகைக்கும் ஒரே நாளில் படிவம் எழுத வேண்டாம். அடிக்கடி வரும் ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் கடைசியாக முடித்த முப்பது டிக்கெட்டுகளைப் படித்து, திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை மட்டும் படிவமாக்குங்கள். டீமுக்கு ஒரு வரிசை என்று பிரித்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து, நிறுவனத்தில் யாரையும் தெரியாத புதியவர் ஒருவரின் கோரிக்கையும் மூத்த மேலாளர் ஒருவரின் கோரிக்கையும் எத்தனை நாளில் முடிந்தன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நெருங்கி வரவில்லை என்றால் மாற்ற வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.